காவிக் கறைக்கு ப்ளீச் எதிரி

சென்னைக்குத் தெற்கே, ஏரிக்கரையை ஒட்டி வளர்ந்த ஒரு புறநகர்ப் பகுதியில் அக்கா வீடு கட்டிக் குடிபோய் இரண்டு வருடம் ஆகிறது. பால் காய்ச்சிய அன்று பார்த்த வாஷ் பேசின் கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக இருந்தது. போன பொங்கலுக்குப் போனபோது, குழாய்க்கு நேர் கீழே இருந்து தண்ணீர் வடியும் துளை வரைக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை இறங்கியிருந்தது. குளியலறைச் சுவரில் டைல்ஸ் ஜாயிண்ட் எல்லாம் செங்கல் நிறம். கொடியில் காய்ந்துகொண்டிருந்த அத்தானின் வேட்டி, சாயத்தில் நனைத்து எடுத்தது போல மங்கிய காவியாக இருந்தது.

"வாராவாரம் ப்ளீச் ஊத்தித் தேய்க்கிறேன்டா. தேய்க்கத் தேய்க்கக் கெட்டியாகுது, போகவே மாட்டேங்குது" என்றாள் அக்கா.

அவள் சொன்னது மிகச் சரி. ப்ளீச் ஊற்ற ஊற்ற அந்தக் கறை உண்மையிலேயே கெட்டியாகிறது. போர் தண்ணீர் வரும் பல வீடுகளில் இதே தவறுதான் நடக்கிறது. அழுக்கு என்று நினைத்து ப்ளீச்சும் சோடாவும் போடுகிறோம். கறையாகப் படிந்திருப்பதோ இரும்பு. இரும்பை வெளுக்க முடியாது, கரைத்துத்தான் எடுக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் பேசினுக்கும் டைல்ஸுக்கும் வேட்டிக்கும் வழி தானாகத் தெரியும்.

தெளிந்த தண்ணீருக்குள் இருக்கும் துரு

போரிலிருந்து வரும் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்தால் பளிங்கு போல இருக்கிறது. பிறகு கறை எங்கிருந்து வருகிறது?

மண்ணிலும் பாறையிலும் இரும்பு எங்கும் உண்டு. ஏரி வண்டல், சதுப்பு நிலம், ஆற்றுப்படுகை போன்ற இடங்களில் நிலத்தடி நீருக்குக் காற்று எட்டாது. காற்றில்லாத அந்த நிலையில் இரும்பு தண்ணீரில் கரைந்து, நிறமே இல்லாமல் இருக்கும். மோட்டார் போட்டு மேலே இழுத்ததும் காற்று படுகிறது. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இரும்பு வேறு நிலைக்கு மாறுகிறது. அந்த நிலையில் அது தண்ணீரில் கரையாது. நுண்ணிய துருத் தூளாகப் பிரிந்து, தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. பேசினில் தெரியும் ஆரஞ்சும் துணியில் தெரியும் காவியும் இதுதான்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தாலே துணியிலும் பீங்கானிலும் கறை விழும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அக்கா வீட்டுத் தண்ணீரைச் சோதித்தபோது 3 மில்லிகிராம் வந்தது. கேட்டால் சின்ன எண்ணாகத் தோன்றும். ஒரு நாளைக்கு 500 லிட்டர் செலவாகும் வீட்டில் அது ஒன்றரை கிராம் இரும்பு. வருடத்துக்கு அரை கிலோவுக்கு மேல். அத்தனையும் குழாய் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது.

குழாய்க்குக் கீழே மட்டும் கறை ஏன் அடர்த்தி என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாயிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் நான்கு லிட்டர் தண்ணீர் ஒரே தடத்தில் இறங்குகிறது. ஓடிப் போகும் தண்ணீர் இரும்பையும் கொண்டுபோய்விடும். சொட்டுச் சொட்டாக இறங்கி அங்கேயே காயும் தண்ணீர், இரும்பை விட்டுவிட்டுத்தான் காயும். அதனால் கறை எடுக்கும் வேலையின் முதல் படி, ஒழுகும் குழாயின் வாஷரை மாற்றுவது.

போரா, பைப்பா?

கறையைத் தொடுவதற்கு முன்னால் இரும்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் மக் போதும். காலையில் எழுந்ததும் குழாயைத் திறந்து முதலில் வரும் தண்ணீரை ஒரு மக்கில் பிடியுங்கள். இன்னொரு மக்கில், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது போர் பைப்பின் வாயிலிருந்து நேராகப் பிடியுங்கள்.

குழாய்த் தண்ணீர் முதலில் செம்மையாக வந்து, ஒரு நிமிடம் ஓடியபின் தெளிந்துவிட்டால் பழைய ஜி.ஐ. பைப் உள்ளே துருப்பிடித்திருக்கலாம். பைப்பை மாற்றினால் தீரும். போர் வாயில் பிடித்த தண்ணீர் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, மூடாமல் ராத்திரி முழுக்க வைத்தபின் அடியில் காவி படிந்திருந்தால், இரும்பு நிலத்தடி நீரிலேயே இருக்கிறது. அக்கா வீட்டில் அப்படித்தான் இருந்தது. காலையில் மக்கின் அடியில் சந்தனத்தைக் கரைத்து விட்டது போல ஒரு படலம்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. ஃப்ளஷ் டேங்க் மூடியைத் திறந்தால் உட்சுவரில் வழவழவென்று செங்கூழ் போல ஒட்டியிருக்கும். அது இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியா. தொட்டித் தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் போல மினுமினுப்பு தெரிந்தாலும் இதையே நினைக்கலாம். ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். எண்ணெய் என்றால் மறுபடி கூடிக்கொள்ளும். பாக்டீரியாப் படலம் சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே கிடக்கும். அதற்குப் போரையும் தொட்டியையும் குளோரின் போட்டுக் கழுவ வேண்டும்.

அடுப்படியிலேயே இன்னொரு குறிப்பு கிடைக்கும். இரும்புத் தண்ணீரில் போட்ட டீ வழக்கத்தைவிடக் கறுக்கும். தேயிலையிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுப்பு வரும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்தக் காலத்தில் எழுத்து மை காய்ச்சியது இதே சேர்க்கையால்தான். அன்னபேதி என்பது இரும்பு உப்பு.

ப்ளீச் என்ன செய்கிறது?

ப்ளீச் திரவமும் ப்ளீச்சிங் பவுடரும் குளோரின் வகை. மஞ்சள் கறை, குழம்புக் கறை போன்றவற்றின் நிறத்தைச் சிதைத்து வெளுப்பது அவற்றின் வேலை. இரும்பிடம் அந்த வேலை நடக்காது. காற்று மணிக்கணக்கில் மெதுவாகச் செய்வதை குளோரின் சில நிமிடங்களில் செய்து முடித்துவிடும். தண்ணீரில் இன்னும் கரைந்தபடி இருக்கும் இரும்பையும் துருவாக மாற்றி அந்த இடத்திலேயே உட்காரவைக்கும். வாஷிங் சோடாவும் காரமான சலவைத் தூளும் இதற்குத் துணை நிற்கும். காரம் கூடக் கூட இரும்பு வேகமாகத் துருவாகப் பிரியும்.

துணியில் இன்னொரு கேடும் உண்டு. இப்போது பல சலவைத் தூள்களில் ஆக்ஸிஜன் வகை ப்ளீச் சேர்க்கிறார்கள். துணியில் துருப்புள்ளி இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ப்ளீச் வெறித்தனமாக வேலை செய்து நூலையே அரித்துவிடும். திருப்பூர் பக்கம் துணி வெளுக்கும் ஆலைகளில் துருப்புள்ளியைக் கண்டால் பயப்படுவது இதனால்தான். குண்டூசி குத்தியது போல ஓட்டை விழும். அத்தானின் வேட்டி ஒன்றில் அப்படி ஐந்தாறு ஓட்டைகள் இருந்தன. பூச்சி அரித்துவிட்டது என்று அக்கா பீரோவில் அந்துருண்டை வாங்கிப் போட்டு வைத்திருந்தாள்.

பேசினுக்கு எலுமிச்சை உப்பு

துருவைக் கரைக்க அமிலம் வேண்டும். எந்த அமிலமும் போதாது. கரைத்த இரும்பை மறுபடி படியவிடாமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம் இரண்டையும் செய்யும். நண்டு கொடுக்கால் கவ்வுவது போல இரும்பைச் சுற்றிப் பிடித்துத் தண்ணீரோடு கொண்டுபோகும். பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்குவதும் இந்த இனத்து வேலைதான். புளியின் அமிலத்துக்கும் உலோகத்தைப் பற்றும் குணம் உண்டு. வினிகர் தண்ணீரின் உப்புப் படிவத்தை நன்றாகக் கரைக்கும். ஆனால் இரும்பைப் பற்றும் பிடி அதற்கு இல்லை. அதனால்தான் வினிகர் ஊற்றியவர்களுக்குப் பேசின் பளபளத்தாலும் காவி அப்படியே நிற்கிறது.

ஒரு எலுமிச்சம்பழத்தின் சாற்றில் ஒன்றரை, இரண்டு கிராம் சிட்ரிக் அமிலம்தான் இருக்கும். ஒரு பேசினுக்கு முப்பது கிராம் வேண்டும் என்றால் பதினைந்து பழம் பிழிய வேண்டும். அதற்குப் பதில் கடையில் சிட்ரிக் ஆசிட் என்றும் எலுமிச்சை உப்பு என்றும் விற்கும் வெள்ளைத் தூளை வாங்கிக்கொள்ளலாம். கேக் செய்யும் பொருள்கள், ஸ்குவாஷ் எசன்ஸ் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

தொடங்குவதற்கு முன் மிக முக்கியமான ஒன்று. ப்ளீச் ஊற்றிய பேசினில் அமிலம் எதையும் ஊற்றக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த சின்னக் குளியலறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். அக்காவிடம் ப்ளீச் பாட்டிலை மாடிக்குக் கொண்டுபோய் வைக்கச் சொல்லிவிட்டு, பேசினையும் அதன் கீழ் வளைவுக் குழாயையும் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி அலசினோம். அன்று வேறு எதுவும் செய்யவில்லை.

மறுநாள் கால் லிட்டர் வெந்நீரில் குவித்த இரண்டு மேசைக்கரண்டி, ஏறக்குறைய முப்பது கிராம், சிட்ரிக் அமிலத்தைக் கரைத்தோம். பேசினின் சரிவில் அப்படியே ஊற்றினால் ஓடிப் போய்விடும். பழைய பருத்தித் துணியைக் கிழித்து அதில் நனைத்து, கறைமேல் பற்றுப் போடுவது போல ஒட்டி, காயாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்தோம். ஒரு மணி நேரம். எடுத்துப் பார்த்தபோது துணி வெளிர் மஞ்சளாக மாறியிருந்தது. வேலை நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கறையிலிருந்த இரும்பு துணிக்கு வந்துவிட்டது. நைலான் நாரால் லேசாகத் தேய்த்துக் கழுவினோம். பேசினின் ஓரங்கள் அந்த ஒரே தடவையில் வெள்ளையாயின. நடுவில் பட்டை பாதியாக மங்கியது. சாயங்காலம் இன்னொரு தடவை போட்டதும் குழாய்க்குக் கீழே இரண்டு விரல் அகலம் மட்டும் மிஞ்சியது.

இரும்புக் கம்பி நாரைத் தொடவே கூடாது. அது பீங்கானின் கண்ணாடிப் பூச்சைக் கீறும். கீறலில் சிக்கிய கம்பித் துணுக்கு தானே துருப்பிடித்துப் புதுக் கறையாகும். சுத்தியலால் அடித்தாலும் போகாது அந்தக் கறை.

மிஞ்சியதற்கு ஆக்ஸாலிக் அமிலம்

நாள்பட்டு, ப்ளீச்சும் பட்டு இறுகிய கறைக்கு ஒரு படி மேலே போக வேண்டும். மொசைக், மார்பிள் தரைக்கு பாலிஷ் போடுகிறவர்கள் பயன்படுத்தும் ஆக்ஸாலிக் ஆசிட் தூள் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். இரும்பைப் பிடிப்பதில் சிட்ரிக்கைவிடக் கெட்டிக்காரன். ஆனால் நஞ்சு. வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பார்க்கச் சர்க்கரை போலவே இருக்கும் என்பதால் அடுப்படிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. சமையல் டப்பாக்களில் கொட்டி வைக்கக் கூடாது. வாங்கிய கவரோடு, பெயர் எழுதி, குழந்தைகள் கை எட்டாத உயரத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து கிராம், மட்டும் கரைத்தோம். அதே துணிப் பற்று. பத்து நிமிடம்தான். துணியை எடுத்தபோது பச்சை கலந்த மஞ்சள் நீர் வடிந்தது. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். பட்டை போய்விட்டது.

போகாத இடமும் இருந்தது. துளையைச் சுற்றி அக்கா கம்பி நாரால் தேய்த்த இடத்தில் பூச்சே தேய்ந்து சொரசொரவென்று இருந்தது. அங்கே மயிரிழை போல இரண்டு கோடுகள் நின்றுவிட்டன. பூச்சு போன பீங்கான் தண்ணீரைக் குடிக்கும். அதில் ஏறிய இரும்பை எந்த அமிலமும் முழுசாக எடுக்காது. விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். வழுக்கினால் கறை மேலே இருக்கிறது, போகும். சொரசொரத்தால் உள்ளே போய்விட்டது. அதற்குமேல் தேய்ப்பது இன்னும் கெடுக்கத்தான்.

கழிப்பறைக் கோப்பைக்கு விற்கும் நீல நிற க்ளீனர்களில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. கோப்பைக் கறைக்கு அது சரிப்படும். பேசினில் ஊற்றினால் குழாயின் குரோமியப் பூச்சையும் துளையின் ஸ்டீல் வளையத்தையும் கறுக்க வைக்கும்.

டைல்ஸ் ஜாயிண்ட்டில் அவசரப்படக் கூடாது

டைல்ஸ் பரப்பும் பேசினைப் போலத்தான். சிட்ரிக் கரைசலில் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். சிக்கல் ஜாயிண்ட்டில். அதில் இருப்பது சிமென்ட். அமிலம் பட்டால் சிமென்ட் கரையும். கடையில் லிட்டர் கணக்கில் விற்கும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்தவர்கள் வீட்டில் முதல் வாரம் ஜாயிண்ட் வெள்ளையாகத் தெரியும். மேல்தோல் கரைந்து ஓட்டை ஓட்டையாகிவிட்ட ஜாயிண்ட் அடுத்த மாதமே முன்னைவிட அதிகமாகக் காவி குடித்துவிடும்.

இதற்கு ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. முதலில் வெறும் தண்ணீரால் ஜாயிண்ட்டை நன்றாக ஊற விடுங்கள். அதன் துளைகளெல்லாம் தண்ணீரால் நிரம்பிவிட்டால் பின்னால் ஊற்றும் அமிலம் ஆழமாக இறங்காது, மேல் கறையோடு நிற்கும். பிறகு சிட்ரிக் கரைசலைப் பழைய பல் பிரஷால் தடவி ஐந்து நிமிடத்துக்குள் கழுவிவிட வேண்டும். நுரை பொங்கினால் சிமென்ட் கரைகிறது என்று அர்த்தம். உடனே தண்ணீர் ஊற்றுங்கள். கடைசியில் ஒரு மக் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து ஊற்றினால் மிஞ்சிய அமிலம் அடங்கிவிடும். ஒரே நாளில் வெள்ளையாக்கப் பார்க்காமல் வாரத்துக்கு ஒரு தடவை என்று மூன்று நான்கு வாரம் செய்வது நல்லது. ஆழமாக ஏறிய ஜாயிண்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி கிரவுட் போட்டால் தண்ணீர் குடிக்காது, கறையும் ஏறாது.

மார்பிள், மொசைக், கடப்பா தரைகளில் இந்தக் கரைசல்களை நீங்களே பயன்படுத்தாதீர்கள். அமிலம் பட்ட இடம் மினுமினுப்பு இழந்து தழும்பாக நிற்கும். பாலிஷ் போடுகிறவரைக் கூப்பிடுவதுதான் வழி.

வேட்டியை மீட்ட கதை

அத்தானின் நான்கு வேட்டிகளை எடுத்துக்கொண்டோம். நான்கும் பருத்தி. இரண்டு மொத்தமாகக் காவி ஏறியவை, ஒன்றில் திட்டுத் திட்டாகப் புள்ளிகள், இன்னொன்று அந்த ஓட்டை விழுந்தது.

பிளாஸ்டிக் பக்கெட்டில் ஐந்து லிட்டர் வெந்நீர், கை வைத்தால் பொறுக்காத சூட்டில். அதில் நூறு கிராம் சிட்ரிக் அமிலம். தண்ணீர் போர் தண்ணீராக இருக்கக் கூடாது. அக்கா வீட்டில் மொட்டைமாடி மழைநீரைப் பிடித்து வைத்த டிரம் இருந்தது. மழைநீர் இல்லாத வீட்டில் ராத்திரி பிடித்து வைத்துத் தெளியவிட்ட போர் தண்ணீரின் மேல்பகுதியை மட்டும் இறுத்துக்கொள்ளலாம். வேட்டிகளை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பக்கெட்டில் முக்கினோம். ஜரிகைக் கரை மட்டும் அமிலத்தில் படாதபடி சுருட்டி, பக்கெட் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டோம். ஜரிகையில் உலோக இழை இருக்கிறது. அமிலம் பட்டால் நிறம் போய்விடும்.

அரை மணிக்கொரு தடவை குச்சியால் கிளறிவிட்டோம். இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் நீர்மோர் நிறத்திலிருந்து மஞ்சளானது. எடுத்து மூன்று தடவை மழைநீரில் அலசி, ப்ளீச் இல்லாத சோப்புப் போட்டுத் துவைத்தோம். காவி ஏறிய இரண்டும் வெளுத்துவிட்டன. புள்ளி விழுந்த வேட்டியில் புள்ளிகள் மங்கின, போகவில்லை. அந்த இடங்களில் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்தோம். காயக் காய மறுபடி சாறு விட்டுக்கொண்டே இருந்தோம். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு இரண்டு புள்ளிகளைத் தவிர எல்லாம் போயின. ஓட்டை விழுந்த வேட்டி கரித்துணியானது.

இதில் விடக்கூடாத கட்டம் அலசுவதுதான். அமிலம் பருத்தி நூலிலேயே காய்ந்தால் நூல் வலுவிழந்து, இஸ்திரிப் பெட்டி பட்டதும் மஞ்சளாகி, மடிப்பில் கிழியும். அதனால்தான் வெயிலில் வைத்த துணியையும் காயவிடக் கூடாது என்கிறேன். பட்டு, கம்பளி, சாயம் போட்ட துணிகளை இந்த முறைக்குள் கொண்டுவராதீர்கள். வண்ணத் துணியில் செய்தே ஆக வேண்டும் என்றால் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

ப்ளீச்சுக்கு உரிய இடம்

கறையை எடுத்தாயிற்று. தண்ணீர் மாறாவிட்டால் அடுத்த தீபாவளிக்குள் பேசின் பழையபடி ஆகிவிடும். துணியில் கறையை இறுக வைத்த அதே ப்ளீச்சுக்கு இங்கேதான் நல்ல வேலை இருக்கிறது. பேசினில் நடக்கும் துருப்பிடிப்பை சம்பிலேயே நடக்க வைத்துவிட்டால் இரும்பு அங்கேயே படியும். குழாய்க்கு வராது.

அக்கா வீட்டில் போர் தண்ணீர் சம்புக்குள் ஒரே குழாயாக விழுந்துகொண்டிருந்தது. பிளம்பரை வைத்து அதன் வாயில் பூவாளி போலத் துளையிட்ட பைப் ஒன்றைப் பொருத்தினோம். தண்ணீர் மழையாகச் சிதறி விழும்போது காற்று நன்றாகக் கலக்கும். மாலையில் சம்பு நிரம்பியதும் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் பத்து கிராம் ப்ளீச்சிங் பவுடரை ஒரு மக்கில் கரைத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றுகிறாள். லிட்டருக்கு 3 மில்லிகிராம் இரும்புக்கான அளவு இது. இரும்பு குறைவாக இருந்தால் பவுடரும் குறைய வேண்டும். ராத்திரி முழுக்கத் தெளிந்தபின் காலையில் ஓவர்ஹெட் டேங்குக்கு ஏற்றுகிறாள். மோட்டாரின் உறிஞ்சு குழாயைச் சம்பின் தரையிலிருந்து ஒரு அடி உயர்த்திவிட்டோம். அடியில் படிந்த காவிச் சேற்றை மாதம் ஒரு தடவை வாரி எடுக்க வேண்டும். முதல் மாதம் அரை பக்கெட் சேறு வந்தது. இரண்டு வருடமாக அது பேசினுக்கும் வேட்டிக்கும்தான் போய்க்கொண்டிருந்தது.

தெளியவைப்பதால் எல்லா இரும்பும் போய்விடாது. மிக நுண்ணிய துகள் மிதந்துகொண்டே இருக்கும். லிட்டருக்கு ஐந்து மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் தண்ணீருக்கும், புளிப்புத் தன்மை கொண்ட தண்ணீருக்கும் மணல் அல்லது இரும்பு நீக்கும் ஃபில்டர் தேவைப்படும். கடினத்தன்மை போக்கும் சாஃப்ட்னர் இருந்தால் இரும்பு நீக்கிய தண்ணீரைத்தான் அதற்குள் விட வேண்டும். இல்லையென்றால் அதன் உள்ளே இருக்கும் மணிகளைத் துரு அடைத்துவிடும்.

எதையும் வாங்குவதற்கு முன் அளவு தெரிய வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் பொதுமக்கள் கட்டணம் செலுத்தித் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி மூடி, அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். இரண்டு நாள் வைத்திருந்து கொடுத்தால் இரும்பு பாட்டிலின் சுவரில் படிந்துவிட்டு முடிவு குறைத்துக் காட்டும். குடிநீரில் இரும்புக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். பேசினில் ஐந்து மாதமாகப் பட்டை விழவில்லை. சனிக்கிழமைதோறும் ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்துத் துடைத்தால் போதுமாக இருக்கிறதாம். அத்தான் புது வேட்டி வாங்கியிருக்கிறார்.

உங்கள் வீட்டு பேசினிலும் காவி இறங்கியிருந்தால் இன்றைக்கு இரண்டு காரியம் மட்டும் செய்யுங்கள். ப்ளீச் பாட்டிலை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு வெள்ளை மக்கில் போர் தண்ணீரைப் பிடித்து ராத்திரி மூடாமல் வையுங்கள். மற்றதைக் காலையில் அந்த மக்கின் அடியைப் பார்த்து முடிவு செய்யலாம்.